ஒன்பது கிலோ ஆகிவிட்டால் திருப்பிவிடலாமா?

குழந்தைக்கு கார் சீட் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அட்டைப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதைத்தான். '0 முதல் 7 வயது வரை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சீட்டைச் சோதித்து அனுமதி கொடுத்தவர்களுக்கும் அந்த வயதுக்கும் சம்பந்தமே இல்லை. சோதனைக்கூடத்தில் கணக்கு கிலோவில் நடக்கிறது. பின்னால் வந்த விதியில் சென்டிமீட்டரில் நடக்கிறது. வயது என்பது விற்கிறவர் நம் வசதிக்காகப் போட்டுக்கொள்ளும் ஒரு மொழிபெயர்ப்பு. நம் ஊர்க் குழந்தைகளின் எடைக்கு அது பல நேரம் பொருந்துவதில்லை.

ஆனேக்கல்லில் ஒரு வீட்டில் இந்தச் சிக்கல் இரண்டு சீட்டுகளாக வந்து உட்கார்ந்திருந்தது. கணவன், மனைவி இருவருக்கும் பூர்வீகம் தர்மபுரிப் பக்கம். வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில், குடியிருப்பு ஆனேக்கல்லில். பதினான்கு மாதப் பெண் குழந்தை. வார நாள்களில் சந்தாபுரா ரோட்டில் ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் ஊர்ந்து போகிற கார், சனிக்கிழமை அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் ஓசூர், கிருஷ்ணகிரி என்று எண்பதில் ஓடுகிறது. இதுவரை குழந்தை பயணம் செய்தது அம்மாவின் மடியில். இப்போது ஆன்லைனில் வாங்கிய சீட் ஒன்று இருக்கிறது. டல்லாஸில் இருக்கும் தாய்மாமன் தன் பையன் உபயோகித்த சீட்டை லக்கேஜில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது இன்னொன்று. "அமெரிக்கா சீட்டுதான் ஸ்ட்ராங்கா இருக்கு, அதையே போட்டுடலாமா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

எதைப் போடுவது என்று பார்ப்பதற்கு முன், மடி ஏன் போதாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நின்றுவிடுகிறது என்று வையுங்கள். அந்த நொடியின் சிறு பகுதியில் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தன் எடையைப் போல ஏறக்குறைய இருபது மடங்கு பலத்தோடு முன்னால் பாயும். ஒன்பது கிலோ குழந்தை அப்போது 180 கிலோவாகக் கனக்கும். கையால் பிடித்து நிறுத்துவது நடக்காத காரியம்.

முதல் வேலை எடை பார்ப்பது. வீட்டில் குளியலறைத் தராசு இருந்தால் போதும். அம்மா தனியாக ஏறினார், 58.4 கிலோ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார், 67.5. கழித்தால் 9.1. மருத்துவமனை அட்டையில் போன மாதம் எழுதியிருந்த எடைக்கு இது ஒத்துவந்தது. இந்த 9.1 என்ற எண்தான் வம்பின் தொடக்கம்.

ஏன் என்று புரிய, ஐக்கிய நாடுகளின் ஆர்44 விதி சீட்டுகளைப் பிரித்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இந்த வகைதான். இந்தியத் தரநிலையான ஏ.ஐ.எஸ். 072 எழுதப்பட்டதும் இதை ஒட்டியே. பிறந்ததிலிருந்து 13 கிலோ வரை உள்ள குழந்தைக்கான சீட் '0+' தொகுதி. 9 முதல் 18 கிலோ வரை தொகுதி ஒன்று. அதற்கு மேல் 15 முதல் 25, 22 முதல் 36 என்று இரண்டு பெரிய தொகுதிகள். அவற்றில் குழந்தை காரின் சொந்த பெல்ட்டையே போட்டுக்கொள்ளும். அடியில் இருக்கும் பூஸ்டர் உயர்த்திக் கொடுக்க மட்டும்தான்.

கவனித்தால் ஒன்று தெரியும். 9 கிலோவிலிருந்து 13 கிலோ வரை இரண்டு தொகுதிகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. '0+' தொகுதியில் குழந்தை காரின் பின்புறத்தைப் பார்த்து உட்காரும். தொகுதி ஒன்றில் விற்கப்படும் பெரும்பாலான சீட்டுகளில் முன்னால் பார்த்து உட்காரும். ஆக, தராசு 9-ஐத் தொட்ட அன்றே சீட்டை முன்பக்கம் திருப்ப விதி இடம் கொடுக்கிறது. திருப்பச் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரரும் சொந்தக்காரர்களும் அதை ஒரு தேர்ச்சி மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். "ஒரு வயசாச்சே, இன்னும் பின்னாடி பார்த்தா உட்கார வைக்கறது?"

உட்கார வைக்கத்தான் வேண்டும். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால்வாசி. அதைத் தாங்கும் கழுத்தெலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கிறது. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால் பெல்ட் நெஞ்சை நிறுத்திவிடும். தலையை நிறுத்துவது கழுத்து மட்டும். பின்னால் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒரே பலகையில் அழுந்தும். அடி மொத்த முதுகுக்கும் பரவும். விண்வெளி வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி கிளம்புவதைப் பார்த்துத்தான் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960-களில் பின்னோக்கிய சீட்டை வோல்வோ காரில் பொருத்திச் சோதித்தார். அங்கே இன்றும் நான்கு வயது வரை பின்னோக்கி உட்கார வைப்பது வழக்கம். 2013-இல் ஆர்129 என்ற புதிய விதி வந்தபோது, பதினைந்து மாதம் தாண்டும் வரை முன்பக்கம் திருப்பக்கூடாது என்று கட்டாயமாகவே எழுதிவிட்டார்கள். ஐரோப்பியக் கடைகளில் ஆர்44 சீட்டுகளின் விற்பனை 2024 செப்டம்பரோடு நின்றது. நமக்கு இன்னும் அதுதான் கையில் கிடைக்கிற சரக்கு.

நம் குழந்தைகளின் எடை இந்த இடத்தில் அனுகூலம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 11.5 கிலோ, மூன்று வயதில் 13.9. நம் ஊரில் பல குழந்தைகள் அதற்கும் கீழே. அப்படியானால் 13 கிலோ வரை அனுமதி உள்ள சீட்டில் எடைக் கணக்குப்படி இரண்டரை வயது வரைகூடப் பின்னோக்கியே உட்காரலாம். முதலில் தீர்ந்துபோவது எடை அல்ல, உயரம். தலை உச்சி சீட்டின் ஓட்டு விளிம்பை நெருங்கிவிட்டால் 11 கிலோவாக இருந்தாலும் அந்தச் சீட் முடிந்தது. கால் மடங்கி காரின் சீட்டில் முட்டுகிறதே என்று பாட்டிகள் கவலைப்படுவார்கள். அது கணக்கில் வராது. குழந்தை சம்மணம் போட்டுக்கொள்ளும்.

இனி அந்த ஆன்லைன் சீட். சீட் துணியை விலக்கி, ஓட்டின் பின்பக்கத்தில் தேடினோம். ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் அங்கேதான் இருக்க வேண்டும். இருந்தது. அதை எப்படிப் படிப்பது என்பதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம், ஏனென்றால் விற்பனைப் பக்கத்தில் 'ஈரோப்பியன் சர்டிஃபைடு' என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

மேலே விதியின் பெயர், 'ஈசிஇ ஆர்44/04'. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 04 விதியின் நான்காவது திருத்தத்தைக் குறிக்கும். அடுத்த வரியில் 'யுனிவர்சல்'. அதாவது மூன்று முனை பெல்ட் உள்ள பெரும்பாலான கார்களில் போடலாம். அங்கே 'செமி-யுனிவர்சல்' என்று இருந்தால், நம் கார் மாடல் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கக்கூடாது. ஊன்றுகால் உள்ள சீட்டுகள் இந்த வகையில் வரும். காரின் தரைக்கு அடியில் சாமான் பெட்டி இருந்தால் அந்தக் கால் ஊன்றுவதற்கு உறுதியான இடமே கிடைக்காமல் போகலாம். 'யுனிவர்சல்' வரிக்குக் கீழே கிலோ வரம்பு. இந்தச் சீட்டில் 0 முதல் 25. பக்கத்தில் ஒற்றை எழுத்தாக 'ஒய்' இருந்தால் கால்களுக்கு நடுவே வரும் பெல்ட் உண்டு என்று பொருள். பிறகு ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும். அந்த எண் அனுமதி கொடுத்த நாட்டைக் காட்டும். 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். இந்தியாவுக்கு அந்த வரிசையில் எண் கிடையாது. 1958-ஆம் ஆண்டின் அந்த ஒப்பந்தத்தில் நாம் சேரவில்லை. வட்டத்துக்கு அருகில் அனுமதி எண், 04 என்று தொடங்கி. 'ஒய்' தவிர இவற்றில் ஒன்று குறைந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். 'சிஇ' என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு விஷயம். மோதல் சோதனைக்கும் அந்த முத்திரைக்கும் தொடர்பு இல்லை. ஸ்டிக்கரே இல்லாமல், மெத்தை போன்ற துணியில் நான்கு வார் தைத்து, கார் சீட்டின் முதுகோடு சுற்றிக் கட்டச் சொல்லி விற்கிறார்களே, அதைத் தொடவே வேண்டாம்.

ஸ்டிக்கர் சரியாக இருந்தாலும் அது எதையெல்லாம் சொல்லவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்44 சோதனையில் சீட்டை 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்புறமாகவும் 30-இல் பின்புறமாகவும் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். பக்கவாட்டு மோதல் அதில் இல்லை, ஆர்129-இல்தான் வந்தது. தவிர, '0 முதல் 25 கிலோ' என்பது ஒரே நிலையில் 25 வரை என்று அர்த்தமாகாது. இந்தச் சீட்டின் கையேட்டைப் புரட்டினால், பின்னோக்கி 13 கிலோ வரை, முன்னோக்கிச் சீட்டின் பெல்ட்டோடு 9 முதல் 18 வரை, அதற்கு மேல் காரின் பெல்ட்டோடு 25 வரை என்று மூன்றாகப் பிரித்திருந்தார்கள். சில மாடல்களில் பின்னோக்கிய வரம்பு 10 கிலோவிலேயே முடிந்துவிடும். பெட்டியில் அது தெரியாது. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்றால், "பின்னாடி பார்த்து எத்தனை கிலோ வரைக்கும்?" என்பதைக் கேட்பேன்.

பொருத்துவதற்கு ஒரு வண்ணக் குறிப்பு உதவும். காரின் பெல்ட் போக வேண்டிய வழி ஓட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பின்னோக்கி என்றால் நீலம், முன்னோக்கி என்றால் சிவப்பு. வந்த அன்று கணவர் சிவப்பு வழியில் கோர்த்து, முன்பக்கம் பார்த்தே வைத்திருந்தார். கழற்றி நீல வழியில் கோர்த்தோம். பின்னோக்கி வைக்கும்போது பெல்ட் நீளம் அதிகம் தேவைப்படும். சின்ன ஹேட்ச்பேக் கார்கள் சிலவற்றில் அது எட்டாமலே போகும். இவர்கள் காரில் நான்கு விரல் மிச்சம் வைத்து எட்டியது. பின்சீட்டின் நடு இடத்தில் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்ததால் அது ஆகாது. ஓட்டுபவர் ஆறடி, அவர் பின்னால் வைத்தால் அவர் சீட் நகராது. ஆகவே இடப்பக்கம். நடைபாதைப் பக்கம் கதவைத் திறந்து குழந்தையை ஏற்றவும் அதுதான் வசதி. முன்சீட்டில் ஏர்பேக் இருக்கும் இடத்தில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக்கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் நேராக ஓட்டின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால் இறங்கும்.

கணவர் முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்கினார். பிறகு பெல்ட் போகும் இடத்தில் கையை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினோம். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. முதல் தடவை நகர்ந்தது. காரணம் பக்கிள். காரின் பக்கிள் நீளமான தண்டில் மேலே தூக்கிக்கொண்டு, சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் மடங்கி அழுந்தியது. அப்படி மடங்கினால் இறுக்கமும் நிற்காது, மோதலில் பக்கிள் உடையவும் கூடும். சீட்டை இரண்டு விரல் தள்ளி வைத்ததும் தண்டு நேரானது.

அமெரிக்க சீட்டுக்கு வருவோம். பார்ப்பதற்கு உண்மையிலேயே முரட்டு சீட். அதில் ஆரஞ்சு ஸ்டிக்கரோ வட்டத்துக்குள் எழுத்தோ இருக்காது. அவர்கள் விதி வேறு, எஃப்எம்விஎஸ்எஸ் 213. அந்த நாட்டின் மத்திய மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரங்களுக்கு உட்பட்டது என்று ஒரு வாசகமும், விமானத்திலும் உபயோகிக்கலாம் என்று சிவப்பு எழுத்தும் இருக்கும். அது போலி அல்ல, தரத்திலும் குறைந்தது அல்ல. பிரச்சினை நம் காரில்.

அமெரிக்கக் கார்களில் பின்சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துவிட்டால் அது 'பூட்டிக்கொள்ளும்' நிலைக்கு மாறும். உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. சீட்டை இறுக்கிப் பிடிப்பது அந்தப் பூட்டு. நம் கார்களின் பெல்ட் பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. சடாரென்று இழுத்தால் மட்டும் பிடிக்கும், மெதுவாக இழுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வரும். அந்த பெல்ட்டில் அமெரிக்க சீட்டைக் கட்டினால், ஒவ்வொரு வளைவிலும் ஸ்பீட் பிரேக்கரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே போகும். ஊரிலிருந்து திரும்பி வருவதற்குள் சீட் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்வும் பூட்டு இருந்தால் தப்பிக்கலாம், இதில் இல்லை. காரில் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருந்தால் அமெரிக்கக் கொக்கிகளை அதில் மாட்டிவிடலாம். இரண்டு ஊரிலும் கம்பி அதே 6 மில்லிமீட்டர் தடிமன், அதே 28 சென்டிமீட்டர் இடைவெளி. இவர்கள் காரோ பழைய மாடல். முதுகுக்கும் இருக்கைக்கும் இடையில் விரலை விட்டுத் துழாவினோம், கம்பி இல்லை. சீட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் உபயோகத் தேதி முடிய நாலு மாதம்தான் பாக்கி. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்ல அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினார். அது அவர்கள் குடும்ப விஷயம்.

ஆக, ஆன்லைன் சீட். இனி குழந்தையை உள்ளே வைத்துக் கட்டும் ஐந்து முனை பெல்ட். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்பு வார் வயிற்றின் மேல் ஏறாமல், இடுப்பெலும்பின் மேல் உட்கார வைப்பது அந்த ஐந்தாவது வார். பட்டுப்பாவாடையோ நீளமான கவுனோ போட்டிருந்தால் அம்மாக்கள் துணி கசங்குமே என்று அதைத் துணிக்கு வெளியே தொள தொளவென்று விட்டுவிடுவார்கள். துணியைத் தூக்கிவிட்டு வாரைக் கால்களுக்கு நடுவே உடம்போடு ஒட்டிப் போட வேண்டும்.

தோள் வார் எந்தத் துளையிலிருந்து வருகிறது என்பது முக்கியம். பின்னோக்கி உட்கார்ந்திருக்கும்வரை தோளின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்கும் துளையிலிருந்து வர வேண்டும்; மோதலில் குழந்தை ஓட்டின் மேல்நோக்கி வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். முன்னோக்கித் திருப்பிய பிறகு தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ. இந்தச் சீட்டில் கம்பெனியிலிருந்து வரும்போதே வார் மேல் துளையில் கோர்த்திருந்தது. பதினான்கு மாதக் குழந்தையின் காது உயரத்தில்! கழற்றி இரண்டு துளை இறக்கினோம்.

இறுக்கம் பார்க்க எளிய வழி, காறை எலும்பின் மேல் வாரை நெடுக்குவாட்டில் விரல்களால் கிள்ளிப் பார்ப்பது. மடிப்பு கையில் சிக்கினால் தளர்வு. வழுக்கிக்கொண்டு போனால் சரி. ஸ்வெட்டர் போட்டிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். ஆனேக்கல் மார்கழிக் குளிரில் குழந்தையைத் தடிமனான ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் காரில் ஏற்ற மாட்டார்கள். ஸ்வெட்டரோடு உட்கார வைத்து, கிள்ள முடியாத அளவுக்கு இறுக்கினோம். பிறகு வாரின் நீளத்தைத் தொடாமல் பக்கிளை மட்டும் கழற்றி, ஸ்வெட்டரை உருவிவிட்டு, மறுபடி மாட்டினோம். தோளுக்கும் வாருக்கும் நடுவே என் கை முழுசாக உள்ளே போனது. மோதல் நேரத்தில் பஞ்சும் கம்பளியும் அந்த அளவுக்குத்தான் நசுங்கிவிடும். மெல்லிய சட்டையோடு கட்டிவிட்டு, ஸ்வெட்டரையோ போர்வையையோ வாரின் மேல் போர்த்துவது நல்லது. தனியாக வாங்கி வாருக்கு அடியில் வைக்கும் மெத்தைகளுக்கும் இதே தடை. சீட்டோடு வந்தது தவிர எதுவும் சோதனையில் பங்கெடுத்ததல்ல.

அமெரிக்க சீட்டில் நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருந்தது, இதில் இல்லையே என்று கணவர் கேட்டார். ஐரோப்பிய விதிப்படி வரும் சீட்டுகளில் அது பொதுவாக இருக்காது. அவசரத்தில் ஒரே அழுத்தில் குழந்தையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதற்காகவே சிவப்புப் பொத்தானை அழுத்தத் தேவையான பலத்தையும் ஆர்44-இல் வரையறுத்திருக்கிறார்கள், 40 முதல் 80 நியூட்டன், அதாவது ஏறக்குறைய நாலு முதல் எட்டுக் கிலோ அழுத்தம். குழந்தையின் விரலுக்கு அது கடினம். பொத்தான் பூ மாதிரி அழுந்துகிறது என்றால் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை 'சீட் பெல்ட் அல்லது குழந்தைத் தடுப்பு அமைப்பு' இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அந்த 'அல்லது'வில்தான் ஓட்டை. ஒன்பது கிலோ குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டைச் சுற்றிவிட்டாலும் வாசகப்படி நீங்கள் சட்டத்துக்கு உட்பட்டவர். ஆனால் அந்த பெல்ட் அதன் கழுத்தில்தான் விழும். கேரளத்தில் 2024 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டத்தில் முன்சீட்டில் அம்மாவின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை விபத்தில் ஏர்பேக் விரிந்து இறந்தது. அடுத்த மாதம் அம்மாநிலப் போக்குவரத்து ஆணையர், நான்கு வயது வரை கார் சீட், பதினான்கு வயது வரை 135 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு பூஸ்டர் என்று அறிவித்து, டிசம்பரிலிருந்து அபராதம் என்றார். அறிவிப்பு சில நாள்கூட நிற்கவில்லை. போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ்குமார் இப்போதைக்குக் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார். மக்களின் பணச் சுமை, வாடகைக் கார்களின் நிலை எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனாலும் ஆணையரின் கணக்கில் வயதோடு உயரமும் இருந்தது. மத்தியச் சட்டத்தில் இன்னும் வயது மட்டும்தான்.

ஆனேக்கல் வீட்டில் இப்போதைய ஏற்பாடு இது. 13 கிலோ வரை, அல்லது தலை ஓட்டு விளிம்பைத் தொடும்வரை, நீல வழி. மாதத்துக்கு ஒரு தடவை தராசு; மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தோள் துளை. அதன் பிறகு சிவப்பு வழியில் 18 கிலோ வரை. 15 கிலோவிலேயே பூஸ்டருக்கு மாற்றலாம் என்று தொகுதிப் பட்டியல் அனுமதித்தாலும், உள்ளே ஐந்து முனை வார் இடம் கொடுக்கும்வரை அதிலேயே விடுவதுதான் என் யோசனை. மூன்று மூன்றரை வயதுக் குழந்தை காரின் பெல்ட்டில் நேராக உட்கார்ந்திருக்காது, தூங்கி ஒரு பக்கம் சரியும், பெல்ட் கழுத்துக்கு ஏறும். தாய்மாமனின் சீட் பரணில் ஏறிவிட்டது. அதை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம், தேதி முடிந்ததும் வார்களை வெட்டிவிட்டுப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.